புயல் நேரத்துல ஷெட்யூல் போட்ட ஆஃபர் பதிவுகளை நிறுத்தணும் (மூணு கிளை, ஒரே பேஜ்)

நூல்கண்டு | 1 டிசம்பர் 2024, காலை 8.40

வணக்கம். ஒரு ஜவுளிக்கடைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் எல்லாம் நான்தான் பாக்குறேன், திருச்சில இருந்து. கடைக்கு தாம்பரம், புதுச்சேரி, திருவண்ணாமலைன்னு மூணு கிளை. பேஜ் ஒண்ணுதான்.

பிளாக் ஃப்ரைடேல ஆரம்பிச்சு 13-ம் தேதி கார்த்திகை தீபம் வரைக்கும் இருபத்தாறு பதிவு போன வாரமே ஏத்தி வெச்சாச்சு. நேத்து ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையேறி இன்னும் அங்கேயே நிக்குது. மயிலத்துல 51 செ.மீ. மழைங்கறாங்க. எங்க பாண்டி மேனேஜர் போனை எடுக்கவே இல்ல.

இன்னிக்கு சாயங்காலம் 6 மணிக்குப் போக வேண்டிய பதிவு என்ன தெரியுமா? "தள்ளுபடி புயல் கரையைக் கடக்கிறது!" வானிலைச் செய்தி பாத்துட்டு டிசைனர் தம்பி ரசிச்சு எழுதினது. அதுக்கு அடுத்தது "ஆஃபர் மழையில் நனைய வாங்க".

முதலாளி சொல்றது: "தாம்பரத்துல மழை விட்டுடுச்சு, ஞாயித்துக்கிழமை வியாபாரம், பாண்டிக்கு மட்டும் நிறுத்து." அப்படி ஊர் பிரிச்சு நிறுத்த வழி இருக்கா? இல்ல எல்லாத்தையும் நிறுத்தணுமா?

---

மெரினாகாத்து | காலை 9.05

ப்ரோ, ரொம்ப சிம்பிள். ஆடியன்ஸ் லொகேஷன்ல பாண்டி, விழுப்புரம், கடலூரை எக்ஸ்க்ளூட் பண்ணிடுங்க. மத்த ஊருக்கு ஓடட்டும். மொத்தமா நிறுத்துனா ரீச் அடி வாங்கும், திரும்ப ஏத்துறதுக்குள்ள பொங்கல் வந்துடும்.

---

ஏரிக்கரை | காலை 9.50

மெரினாகாத்து சொல்றது காசு கட்டி ஓட்டுற விளம்பரத்துக்கு மட்டும்தான் பொருந்தும், அதுலயும் பாதிதான். நூல்கண்டு கேக்குறது பேஜ்ல போற சாதாரணப் பதிவு. இன்ஸ்டா பதிவை "தாம்பரத்துக்காரங்க மட்டும் பாருங்க"ன்னு போட முடியாது. பேஜ் ஒண்ணுன்னா பாண்டில வீட்டு மாடில நிக்கிறவருக்கும் அதே புயல் ஜோக்தான் போகும். அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தா அடுத்த அரை மணி நேரத்துல தாம்பரத்துக்கும் வந்துடும்.

அதனால பேஜ் பதிவு எல்லாத்தையும் இப்பவே நிறுத்துங்க. எது சரி, எது தப்புன்னு இப்ப உக்காந்து பிரிக்காதீங்க. மெட்டா பிசினஸ் சூட்டோட `Planner`-ல மொத்தத்தையும் நிறுத்துற ஒரே பட்டனைத் தேடி நேரத்தை விடாதீங்க. ஒவ்வொண்ணா திறந்து தேதியைத் தள்ளி வெக்கணும். இருபத்தாறையும் இன்னிக்கே தள்ள வேண்டாம். முதல்ல இன்னிக்கும் நாளைக்கும் போக வேண்டியதை மட்டும் தூக்குங்க, மூச்சு விட நேரம் கிடைக்கும். ஷெட்யூல் போட பஃபர் ஆப் வெச்சிருந்தீங்கன்னா சேனலுக்கு ஒரு `Pause Queue` இருக்கும், அதைத் தட்டினாப் போதும்.

தள்ளும்போது எல்லாத்தையும் ஒரே தேதிக்குத் தள்ளாதீங்க. "சரி, 5-ம் தேதி பாத்துக்கலாம்"னு எட்டு பதிவை ஒரே நாள்ல கொண்டுபோய் வெப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. 5-ம் தேதி காலைல எட்டும் வரிசையா கொட்டும். சந்தேகம்னா டிராஃப்டுக்கு மாத்துங்க. இன்ஸ்டா ஆப்ல நேரடியா ஷெட்யூல் போட்டது இருந்தா அதை அந்த ஆப்புக்குள்ளயே தனியாப் பாத்துடுங்க.

அடுத்தது விளம்பரம். ஷெட்யூல் பதிவை நிறுத்துனா ஏற்கெனவே காசு கட்டி ஓடுற பூஸ்ட் நிக்காது. பேஜ்ல அமைதி, ஆனா வெள்ளிக்கிழமை பூஸ்ட் பண்ணுன "இன்றே கடைசி" மட்டும் காசு தின்னுக்கிட்டு ஓடிட்டிருக்கும். ஆட்ஸ் மேனேஜர்ல கேம்பெய்னோட சுவிட்ச்சை அணைச்சாத்தான் நிக்கும்.

கடைசியா யாரும் நினைச்சே பாக்காத இடம், வாட்ஸ்அப் பிசினஸ்ல ஆளில்லாத நேரத்துப் பதில். "கடை திறந்திருக்கா? எங்க தெருவுல தண்ணி"ன்னு ஒருத்தர் கேட்டா, "வணக்கம்! எங்கள் அதிரடி ஆஃபர்களைக் காண…"ன்னு தானா போகும். அதை இப்பவே மாத்துங்க.

---

முடிச்சூர்க்காரன் | காலை 10.30

ஏரிக்கரை அக்கா சொன்னதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. லாகின் யார்கிட்ட இருக்கு?

போன வருஷம் டிசம்பர்ல மிக்ஜாம் அடிச்சப்ப எங்க ஏரியாவுல கரண்ட் போச்சு, டவர் போச்சு. நான் வேலை பாத்த இடத்துல பதிவு எல்லாம் என் பொறுப்பு. நான் மாடில, போன் செத்துப்போச்சு. ஆனா ஷெட்யூல் போட்டது என் போன்லயா இருக்கு? அது பாட்டுக்கு சர்வர்ல இருந்து "வீக்கெண்ட் ப்ரஞ்ச்" படமா போய்க்கிட்டே இருந்துச்சு. மதுரைல இருந்த இன்னொரு பொண்ணு பாஸ்வேர்ட் தெரிஞ்சு நுழையப் பாத்தா, ஓடிபி ஓனர் நம்பருக்குப் போகுது. அவர் போனும் செத்துக் கிடக்கு. கீழே கமெண்ட்ல ஜனங்க கிழிச்சிட்டிருக்காங்க, எங்க யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் வேற ஊர்ல ஒருத்தருக்கு அவங்க சொந்த ஐடிலயே பேஜோட முழு அனுமதி கொடுத்து வெச்சோம். ரெக்கவரி கோடையும் பேப்பர்ல எழுதி அவங்ககிட்டயே கொடுத்தாச்சு. நூல்கண்டு திருச்சில இருக்கறது நல்லதாப் போச்சு. ஆனா ஓடிபி யார் நம்பருக்கு வருது? பாண்டி மேனேஜர் நம்பரா இருந்தா இப்பவே மாத்துங்க.

---

கேக்ராணி | காலை 11.15

எனக்கும் இதே பிரச்சினைதான். ஷெட்யூல் போட்ட ரீல் தானாவே நின்னுடுது, போகவே மாட்டேங்குது. எப்படி சரி பண்றது?

---

முடிச்சூர்க்காரன் | காலை 11.20

அக்கா, அவங்க நிறுத்தறதுக்கு வழி கேக்குறாங்க 😄 உங்களுக்கு இன்ஸ்டா இணைப்பு அறுந்திருக்கும். கழட்டி மறுபடி இணைச்சுப் பாருங்க.

---

கேக்ராணி | காலை 11.40

சரி தம்பி, நன்றி. ஆனா ஒண்ணு. நான் கோயம்புத்தூர்ல வீட்டுல கேக் செஞ்சு விக்கிறேன். பாண்டில புயல்னா நானும் நிறுத்தணுமா? ஒரு வாரம் பதிவு இல்லன்னா எனக்கு ஆர்டர் இல்ல, ஆர்டர் இல்லன்னா வாடகை இல்ல. பெரிய கடைக்குச் சொல்றதை எல்லாருக்கும் சொல்லாதீங்க.

---

ஏரிக்கரை | பகல் 12.10

நீங்க நிறுத்த வேண்டாம்மா. உங்க வாடிக்கையாளர் கோவைல இருக்காங்க. கேப்ஷனை மட்டும் ஒரு தடவை வாசிச்சுட்டுப் போடுங்க, மழை, புயல் விளையாட்டு இருந்தா எடுத்துடுங்க. உங்க கடைக்கு வர்றவங்க வீட்டுல தண்ணி நிக்குதான்னு பாத்தாப் போதும்.

---

நூல்கண்டு | 1 டிசம்பர், இரவு 10.20

காலைல நீங்க சொன்னபடி இன்னிக்கும் நாளைக்கும் உள்ள பாண்டி, தாம்பரம் பதிவை எடுத்தேன், பூஸ்ட்டை அணைச்சேன். ஓடிபி முதலாளி நம்பருக்குத்தான் வருது, அவர் தாம்பரத்துல இருக்கார். பாண்டி மேனேஜரும் மத்தியானம் பேசிட்டார், வீட்டுல முழங்கால் தண்ணி, ஆள் பத்திரம்.

திருவண்ணாமலை பதிவை மட்டும் விட்டு வெச்சிருந்தேன். அங்க வெறும் மழைதானேன்னு முதலாளி சொன்னார், எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. `Planner`-ல மழை, புயல், வெள்ளம், நனைய, கொட்டுதுன்னு வார்த்தை பாத்துப் பாத்துதான் பொறுக்கினேன்.

இப்ப சாயங்காலத்துல இருந்து அங்க வ.உ.சி. நகர்ல மண் சரிஞ்சு வீடு புதைஞ்ச செய்தி வருது. ஏழு பேர் உள்ள, அதுல குழந்தைங்க. நாளைக் காலை 9 மணிக்கு நிக்கிற பதிவோட தலைப்பு: "மலையிறங்கி வந்தாச்சு விலை! தீபத்துக்குப் புதுசு எடுத்தாச்சா?"

தூக்கிட்டேன். ஆனா என் பட்டியல்ல "மலை"ங்கற வார்த்தையே இல்ல.

---

ஏரிக்கரை | இரவு 10.55

வார்த்தைப் பட்டியலோட வரம்பு இதுதான். நேத்து வரைக்கும் இது காத்தும் மழையும். இன்னிக்கு மண்சரிவு. நாளைக்கு ஆத்து வெள்ளமா மாறலாம். துயரம் மாறினா பட்டியலும் மாறணும், நேத்து போட்டதை வெச்சு இன்னிக்குத் தேட முடியாது.

நான் வார்த்தையைத் தேடறதில்ல. ஒவ்வொரு பதிவையும் அந்த ஊர்ல செய்தி கேட்டவர் கண்ணால முழுசா வாசிப்பேன். இருபத்தாறு பதிவுக்கு இருபது நிமிஷம் ஆகும். கேப்ஷனோட நிறுத்தாம படத்துக்குள்ள இருக்கற எழுத்து, ரீலோட பின்னணிப் பாட்டு, முகப்புப் படம் எல்லாம் பாக்கணும். கேப்ஷனை எப்ப வேணா மாத்தலாம், படத்துல பொறிச்ச "ஆஃபர் மழை"யை மாத்த முடியாது. அந்தப் பதிவுக்குப் புதுப் படம்தான்.

ஏற்கெனவே போயிட்ட பதிவு ஏதாவது உறுத்துனா கேப்ஷனைத் திருத்தி சமாளிக்காதீங்க. ஃபேஸ்புக்ல திருத்தின வரலாறு தெரியும், இன்ஸ்டாலயும் திருத்தப்பட்டதுன்னு காட்டும். பழையதை ஒருத்தர் எடுத்துப் போட்டா கதை வேற மாதிரி ஆயிடும். எடுத்துடறது நல்லது. கீழே யாராவது ஏற்கெனவே கேட்டிருந்தா அவங்களுக்கு ஒரு வரி பதில் சொல்லிட்டு எடுங்க.

---

தறிநாடா | 2 டிசம்பர், காலை 7.30

ஈரோட்டுல இருந்து. எங்க மொத்த வியாபாரத்துல நேத்து ஒரு கேள்வி: போர்வை, துண்டு, லுங்கி, நைட்டி இதெல்லாம் இப்ப அந்த ஊர்ல வேணும்ல? எல்லாம் நனைஞ்சு கிடக்கு. "எங்ககிட்ட இருக்கு"ன்னு சொல்றது தப்பா? நிறுத்து நிறுத்துன்னா வேணுங்கறவனுக்குக் கிடைக்காமப் போகுது. விளம்பரம்னாலே பாவம்னு பேசாதீங்க.

---

உப்பளத்துப்பையன் | காலை 8.15

பாண்டிக்காரன். இப்பத்தான் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்ல போன் சார்ஜ் போட்டேன், பன்னெண்டு பர்சன்ட்.

தறிநாடா அண்ணே, போர்வை வேணும்தான். ஆனா நான் கடை பேஜைத் திறந்தா எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: கடை திறந்திருக்கா, எத்தன மணி வரைக்கும், கார்டு மெஷின் ஓடுதா இல்ல காசுதானா. கரண்ட் இல்லாத ஊர்ல ஜிபே எங்க போகும்? அதைச் சொல்லுங்க. வீடியோவாப் போடாதீங்க, நெட் இழுக்கல. வெறும் எழுத்தாப் போடுங்க.

---

மெரினாகாத்து | காலை 9.00

அப்ப இப்படிப் போடலாமே: "இயற்கையின் சீற்றத்தில் துவண்டு நிற்கும் எம் உறவுகளே, உங்களோடு நாங்கள் இருக்கிறோம்." கீழே லோகோ, #FengalCyclone டேக். ரீச்சும் வரும், மனசும் தொடும்.

---

உப்பளத்துப்பையன் | காலை 9.04

துவண்டெல்லாம் நிக்கல ப்ரோ, பக்கெட்ல தண்ணி மொண்டுக்கிட்டிருக்கோம்.

---

ஏரிக்கரை | காலை 9.40

அந்த டேக்கைத் தொடாதீங்க. "இந்தத் தெருவுக்குப் படகு வேணும்", "பாட்டிக்கு மாத்திரை வேணும்"னு ஜனங்க அதுலதான் எழுதறாங்க. அதுக்கு நடுவுல கடை லோகோ வந்தா அவங்க குரலை நீங்க மறைக்கிறீங்க. 2012-ல அமெரிக்காவுல சாண்டி புயல் அடிச்சப்ப அமெரிக்கன் அப்பேரல்னு ஒரு துணிக்கடை, புயல்ல வீட்டுல போரடிக்குதான்னு கேட்டு 20 சதவீதத் தள்ளுபடி மின்னஞ்சல் அனுப்புச்சு. தள்ளுபடி கோடே `SANDYSALE`. பன்னெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் எங்க தொழில்ல அதைத்தான் உதாரணமாச் சொல்றோம்.

நூல்கண்டு, உங்க போர்வைப் பதிவு இப்ப எப்படி இருக்கு? இங்க ஒட்டுங்க, மாத்திப் பாப்போம்.

---

நூல்கண்டு | காலை 10.05

பழசு: "குளிரும் மழையும் கைகோத்தாச்சு! ஆஃபர் மழையில் நனைஞ்சுக்கிட்டே போர்வை அள்ளுங்க, 40% தள்ளுபடி, இன்று மட்டும்!"

நான் மாத்தினது: "இந்தக் கடினமான நேரத்தில் உங்களுக்குக் கதகதப்பாய் நாங்கள். போர்வைகளுக்குச் சிறப்பு 40% தள்ளுபடி."

---

ஏரிக்கரை | காலை 10.30

இரண்டாவது இன்னும் மோசம். முதல்ல இருந்தது புயல் வரும்னு தெரியாம எழுதின விளையாட்டு. இது தெரிஞ்சே அவங்க கஷ்டத்தைக் காரணம் காட்டி விக்கிறது. "கடினமான நேரம்", "சிறப்பு", சதவீதம் மூணும் போகணும். விலை குறைக்கறதுன்னா குறைச்ச விலையை ரூபாயில சொல்லுங்க, எதுக்குக் குறைச்சோம்னு பேச வேண்டாம்.

என் பாட்டுக்கு எழுதினா:

"பாண்டி கடை நாளை காலை 10 முதல் மாலை 5 வரை. மின்சாரம் வரும்வரை ரொக்கம் மட்டும். போர்வை, துண்டு, லுங்கி, நைட்டி தரைத்தளத்தில் கிடைக்கும். நவம்பரில் வாங்கிய துணி மாற்றக் கடைசி நாள் டிசம்பர் 20 வரை நீட்டிப்பு."

அவ்வளவுதான். படம் வேண்டாம், இல்லன்னா கடை வாசலை இன்னிக்கு எடுத்த படம் ஒண்ணு. ஆனா போடறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட கேளுங்க, உண்மையிலேயே திறக்க முடியுமா? வேலைக்கு வர்ற பொண்ணுங்க வீடும் அதே தண்ணிலதானே இருக்கு. திறக்காத கடையைத் திறந்திருக்குன்னு போட்டு, நனைஞ்சுக்கிட்டு வந்தவன் ஷட்டரைப் பாத்துட்டுப் போனா அந்தக் கோபம் ஆஃபர் ஜோக்கை விடப் பெருசு. கூகுள் மேப்ல உள்ள கடை நேரத்தையும் அதோட மாத்துங்க.

---

தறிநாடா | காலை 10.50

இது சரி. ஆனா 40 சதவீதம்னு எழுதினா ஏன் தப்புன்னு எனக்கு இன்னும் புரியல. குறைச்சுத்தானே தர்றோம்? சொல்லாம குறைச்சா யாருக்குத் தெரியும்? நான் ஒத்துக்கல.

---

டிராய்தாத்தா | பகல் 1.10

எஸ்எம்எஸ் பத்தி யாரும் பேசல. கடைக்கு மொத்த எஸ்எம்எஸ் அனுப்பற கம்பெனி மூலமா புக் பண்ணியிருந்தா அதையும் பாருங்க. அதுல நாம நினைச்ச மாதிரி வாசகத்தை மாத்த முடியாது. டிஎல்டிங்கற எஸ்எம்எஸ் பதிவுத் தளத்துல முன்னாடியே பதிஞ்ச டெம்ப்ளேட்டுதான் போகும், நடுவுல பேரு, தேதி மாதிரி இடம் மட்டும் நம்ம கையில. புது வாசகம் பதிஞ்சு ஒப்புதல் வாங்கணும், புயலன்னிக்கு அது நடக்காது. அதனால வழி ஒண்ணுதான், அனுப்பற ஆளுக்குப் போன் போட்டு ரத்து பண்ணுங்க. விளம்பர எஸ்எம்எஸ் காலை 10 மணிக்கு மேலதான் போகலாம்ங்கறதால விடியக்காலைல பேசிட்டா தப்பிக்கலாம்.

மழைக்காலத்துக்கு முன்னாடியே "கடை இன்று விடுமுறை / நேரம் மாற்றம்"னு ஒரு டெம்ப்ளேட் பதிஞ்சு வெச்சுக்கறது புத்திசாலித்தனம். வாட்ஸ்அப் ஏபிஐ டெம்ப்ளேட்டுக்கும் இதே கதைதான்.

---

நூல்கண்டு | 2 டிசம்பர், இரவு 9.30

பாண்டி கடை நாளைக்குத் திறக்கல, மேனேஜரே சொல்லிட்டார், அதனால "திறக்கவில்லை, திறக்கும்போது சொல்கிறோம்"னு மட்டும் போட்டேன். சாத்தனூர்ல திறந்த தண்ணி தென்பெண்ணைல வந்து விழுப்புரம் பக்கம் ரயிலும் நிறுத்திட்டாங்க, சரக்கும் வராது.

இன்னொரு தலைவலி. திருவண்ணாமலைல ஒரு இன்ஸ்டா பொண்ணுக்கு தீபத்துக்குப் புடவை கொடுத்திருந்தோம். அவங்க ரீல் அவங்க ஐடில ஷெட்யூல். மலைக்கு முன்னாடி நின்னு சுத்துற மாதிரி. சேர்ந்து போடற பதிவு, எங்க பேஜ்லயும் வரும். அதை நான் எப்படி நிறுத்தறது?

---

முடிச்சூர்க்காரன் | இரவு 9.45

நீங்க நிறுத்த முடியாது, அவங்கதான் முடியும். போன் போடுங்க, மெசேஜ் வேண்டாம். அவங்க போட்டாலும் உங்ககிட்ட சேர்ந்துக்கறீங்களான்னு கேக்கும், ஏத்துக்காம விட்டா உங்க பேஜ்ல வராது. ஆனா கடை பேரு ரீல்ல இருக்கும். பேசும்போது "காசு போகாது, தேதிதான் தள்ளுது"ன்னு முதல்ல சொல்லிடுங்க. அவங்க பயம் அதுவாத்தான் இருக்கும்.

---

நூல்கண்டு | 3 டிசம்பர், காலை 11.00

பேசிட்டேன், அவங்களே எடுத்துட்டாங்க. அந்த நகர்லதான் அவங்க சித்தி வீடு, வீட்டுக்கு ஒண்ணும் ஆகல.

இப்ப முதலாளியோட புது யோசனை. புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5000 ரூபாய் நிவாரணம் அறிவிச்சிருக்குல்ல? "5000-க்கு வாங்கினால் 1000 ரூபாய் கூப்பன்"னு பாண்டிக்கு மட்டும் விளம்பரம் ஓட்டலாமாம். "நிவாரணம்னு எழுத வேண்டாம், 5000னு மட்டும் எழுது"ங்கறார்.

---

உப்பளத்துப்பையன் | காலை 11.06

எழுதுங்க எழுதுங்க, ஸ்கிரீன்ஷாட் எடுக்க நான் ரெடி.

---

ஏரிக்கரை | காலை 11.30

அந்தத் தொகையைப் பாத்தாலே எதுக்குன்னு ஊருக்கே புரியும். முதலாளிகிட்ட நாணயம், நியாயம்னு பேசாதீங்க, எடுபடாது. "இந்த ஒரு விளம்பரத்துக்கு வர்ற கமெண்ட்டைத் துடைக்க மார்கழி முழுக்க நான் உக்காரணும்"னு சொல்லுங்க.

அணைச்ச விளம்பரத்தைப் பத்தியும் அவர் கேப்பார், அதனால சொல்லிடறேன். மெரினாகாத்து சொன்ன ரீச் பயம் பேஜ் பதிவுக்கு இல்ல, நாலு நாள் சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. விளம்பரத்துக்குத்தான் ஒரு கணக்கு இருக்கு. ஏழு நாளோ அதுக்கு மேலயோ அணைச்சு வெச்சா அதை யாருக்குக் காட்டணும்னு மெட்டா மறுபடி முதல்ல இருந்து கத்துக்க ஆரம்பிக்கும், சில நாள் செலவு தாறுமாறா இருக்கும். ஊரை எக்ஸ்க்ளூட் பண்ணினாலும் அதே நிலைமைதான், அது பெரிய திருத்தமாக் கணக்காகும். மூணு கிளையையும் ஒரே ஆட் செட்ல வெச்சிருக்கறதுதான் இங்க சிக்கல். தாம்பரத்துக்குத் தனியா ஒண்ணு புதுசாப் போட்டுடுங்க. அடுத்த மழைக்கு ஒரு ஊரை மட்டும் அணைக்க முடியும்.

---

மெரினாகாத்து | பகல் 12.15

ஏழு நாள் கணக்கு எனக்குத் தெரியாது, சேவ் பண்ணிக்கிட்டேன். ஆனா தாம்பரத்தை இன்னிக்கே ஆன் பண்ணலாம்ல? அங்க வாழ்க்கை சாதாரணமாயிடுச்சே.

---

ஏரிக்கரை | பகல் 12.40

ஆன் பண்ணலாம், விளம்பரத்தை மட்டும். தாம்பரத்துல விழுப்புரம், திண்டிவனத்துக்காரங்க எவ்வளவு பேர் குடியிருக்காங்கன்னு யோசிச்சுட்டு, துள்ளல் இல்லாத படமாப் பாத்து எடுங்க. பேஜ் பொதுவானது, அது இன்னும் காத்திருக்கட்டும்.

---

நூல்கண்டு | 5 டிசம்பர், மாலை 6.20

பாண்டி கடை நேத்து திறந்துச்சு. எழுத்து மட்டும் உள்ள பதிவுக்குக் கீழே கேள்விதான் அதிகம், எல்லாம் "கார்டு எடுக்குதா", "சைஸ் மாத்தலாமா". தாம்பரம் தனி ஆட் செட்ல ஓடுது. கூப்பன் பேச்சை முதலாளி விட்டுட்டார், அந்த மார்கழிக் கதைதான் வேலை செஞ்சது.

திருவண்ணாமலைதான் புரியல. தீபம் 13-ம் தேதி. கடைக்கு வருஷத்துலயே பெரிய வாரம். அங்க உள்ள மேனேஜர் "ஊரே இன்னும் அதைத்தான் பேசுது, ஆனா அகல் விளக்கும் வேட்டியும் வாங்க ஜனங்க வர்றாங்க"ங்கறார். எப்ப ஆரம்பிக்கறது?

---

தறிநாடா | மாலை 6.45

நாளைக்கே. தீபம் எப்படியும் ஏத்துவாங்க, ஜனங்க துணி எடுப்பாங்க. நீங்க சொல்லலன்னா பக்கத்துக் கடை சொல்லும்.

---

ஏரிக்கரை | இரவு 8.10

நான் திங்கள் வரைக்கும் காத்திருப்பேன். அப்பவும் முதல் பதிவு கடை நேரமும் தீபத்தன்னிக்குப் போக்குவரத்து மாத்தமும்தான். அடுத்து துணி. விலை பேசறது அதுக்கும் அப்புறம். மலை தெரியற படம் எதுவும் இந்த வருஷம் வேண்டாம். தறிநாடாவுக்கு இது ரொம்ப அதிகமாத் தோணும், தெரியும்.

---

தறிநாடா | இரவு 8.25

தோணுது. திருவண்ணாமலைல மலை இல்லாம தீபப் படம் எப்படிம்மா எடுப்பீங்க?

---

நூல்கண்டு | இரவு 9.00

திங்கள்னு முடிவு பண்ணிட்டேன். படம்: கடை வாசல்ல மேனேஜர் அகல் அடுக்கறது. "மலையிறங்கி" பதிவை டிராஃப்ட்ல இருந்தும் அழிச்சாச்சு, அடுத்த வருஷம் யாராவது தெரியாம எடுத்துப் போட்டுடப் போறாங்க.